சஹர் நேரத்து நீர் மாத்திரை

நோன்பு ஆரம்பித்து ஐந்தாவது நாள். ஆம்பூரில் ஒரு தோல் ஆலையில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்ற 62 வயதுக்காரர் என் எதிரே உட்கார்ந்திருக்கிறார். பேசியதெல்லாம் அவர் மனைவிதான்.

"நேத்து ராத்திரி தராவீஹ்ல நின்னுக்கிட்டே இருந்தவரு, ருகூவுக்குக் குனிஞ்சு நிமிந்ததும் அப்படியே பக்கத்து ஆள் மேல சாய்ஞ்சுட்டாராம் டாக்டர். தூக்கி உக்கார வெச்சு, தண்ணி குடுத்தப்புறம்தான் கண்ணைத் தொறந்தாரு."

"யூரின் மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டீங்க பாய்?"

"சஹர்லதான் டாக்டர். காலையில போடணும்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க?"

சீட்டை வாங்கிப் பார்த்தேன். 1-0-0. காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு இல்லை. எழுதியது நான்தான். எழுதியபோது என் மனதில் இருந்தது காலை எட்டு மணி, இட்லி சாப்பிட்ட பிறகு. அவருக்கு ரமலானில் காலை என்பது நான்கரை மணி. அதற்குப் பிறகு சுமார் 13 மணி நேரம் ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது.

(ஒரே ஒருவருடைய கதை அல்ல இது. என்னிடம் வந்த பலருடைய விவரங்களைச் சேர்த்து ஒருவராக்கியிருக்கிறேன். எண்கள் எல்லாம் இப்படி வருகிறவர்களிடம் வழக்கமாகப் பார்ப்பவை.)

பெட்டியில் இருந்தவை

மூன்று வருடத்துக்கு முன் அவருக்கு மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். எக்கோவில் இதயத்தின் பம்பிங் 40 சதவீதம். நன்றாகவே இருந்தார், மாடி ஏறுவார், மார்க்கெட்டுக்கு நடப்பார். தினமும் சாப்பிட்டவை: ஆஸ்பிரின், கொழுப்பு மாத்திரை, இதயத் துடிப்பை நிதானப்படுத்தும் மெட்டோபுரோலால், ரத்தக் குழாயைத் தளர்த்தும் டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின், இவற்றோடு 40 மில்லிகிராம் ஃபுரோசமைடு. கடைசியாகச் சொன்னதைத்தான் நம்மூரில் யூரின் மாத்திரை, நீர் மாத்திரை என்கிறோம்.

ஃபுரோசமைடு விழுங்கிய ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கும். ஏறத்தாழ ஆறு மணி நேரம் வேலை செய்யும். லாசிக்ஸ் என்ற அதன் வணிகப் பெயரே, ஆறு மணி நேரம் நீடிப்பது என்ற ஆங்கிலச் சொற்களிலிருந்து செய்யப்பட்டதுதான். நான்கரைக்குப் போட்டால் ஐந்தரையிலிருந்து பத்தரை வரை திரும்பத் திரும்பச் சிறுநீர் போகும். மற்ற மாதங்களில் இதில் தவறில்லை. போனதை அடுத்தடுத்துக் குடிக்கும் காப்பியும் மோரும் ஓரளவு ஈடு செய்துவிடும். நோன்பில் மாலை ஆறரை வரை ஈடு கிடையாது. வெளியே மார்ச் மாத வேலூர் வெயில்.

இத்தோடு இன்னொரு கணக்கும் சேர்ந்துகொண்டது. இதயம் பலவீனமானவர் என்பதால் 'ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் குடிக்காதீர்கள்' என்று முன்பு சொல்லியிருந்தோம். மனிதர் அதை நோன்பிலும் ஒழுங்காகக் கடைப்பிடித்தார். நோன்புக் கஞ்சி, ரோஸ் மில்க், சஹரில் இரண்டு டம்ளர் தண்ணீர் என்று எல்லாம் சேர்த்து ஒன்றரை லிட்டரிலேயே நிறுத்தினார். செலவு அதைவிட அதிகம். தினம் முக்கால் லிட்டர் பற்றாக்குறை என்றால் நான்கு நாளில் மூன்று லிட்டர்.

மூன்றாம் நாள் மூட்டு வலி. தெருமுனை மெடிக்கலில் டைக்லோஃபினாக் வாங்கி, இஃப்தாருக்குப் பிறகு ஒன்று, சஹரில் ஒன்று என்று இரண்டு நாள் போட்டிருக்கிறார். என்னிடம் சொல்லவேண்டிய விஷயமாகவே அவருக்கு அது தோன்றவில்லை. நானாகக் கேட்ட பிறகுதான் சொன்னார்.

சல்லடையும் இரண்டு குழாய்களும்

ஒரு வலி மாத்திரை ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் புரிந்துகொள்ளச் சிறுநீரகத்துக்குள் எட்டிப் பார்க்க வேண்டும்.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் லட்சக்கணக்கான சின்னச் சல்லடைகள். ஒவ்வொன்றுக்கும் ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். இரண்டுக்கும் நடுவில் அழுத்தம் இருந்தால்தான் ரத்தம் வடிகட்டப்படும். மாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி நிறைந்திருக்கும்வரை கீழே அழுத்தத்துக்குக் குறைவில்லை. தொட்டியில் மட்டம் இறங்கினால் உடம்பு இரண்டு உபாயம் செய்கிறது. உள்ளே வரும் குழாயை அகலமாக்கும். வெளியே போகும் குழாயை இறுக்கும். வரவைப் பெருக்கி, போக்கை நெருக்கி, சல்லடையில் அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. வியர்த்து வழிய நாள் முழுக்க வயலில் நிற்பவரின் சிறுநீரகம் கெடாமல் இருப்பது இதனால்தான்.

இப்போது நம் நோயாளியிடம் வருவோம். நீர் மாத்திரை தொட்டியின் மட்டத்தை இறக்கிவிட்டது. டெல்மிசார்டன், வெளியே போகும் குழாயை இறுக விடாது; அதன் வேலையே அது. மற்ற நாட்களில் சிறுநீரகத்துக்கு நல்லது செய்வதும் அதே குணம்தான். மிச்சம் இருந்தது ஒரே உபாயம்: உள்ளே வரும் குழாயை அகலமாக்குவது. டைக்லோஃபினாக் வந்து அதையும் அடைத்தது. டைக்லோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் எல்லாமே இதைச் செய்யும். மூன்றும் கைகோத்தால் சிறுநீரகத்துக்குத் தற்காத்துக்கொள்ள வழியே இல்லை.

அன்று காலை எடுத்த ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்தது. வழக்கமாக 1.2 இருக்கும் கிரியேட்டினின் 2.1. பொட்டாசியம் 4.6-லிருந்து 5.8. சிறுநீரகம் மந்தமானதால் பொட்டாசியம் வெளியேறவில்லை. ஸ்பைரனோலாக்டோனும் டெல்மிசார்டனும் அதை இன்னும் பிடித்து வைக்கும் மாத்திரைகள். பொட்டாசியம் ஆறைத் தாண்டிப் போனால் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். உடனே ஈ.சி.ஜி. எடுத்தோம். நல்லவேளை, அதில் மாற்றம் இல்லை.

மறைந்து நிற்கும் வறட்சி

ஐந்து நாளாக இது நடந்துகொண்டிருந்திருக்கிறது. மயங்கிச் சாயும்வரை அவருக்கு ஏன் தெரியவில்லை? தண்ணீர் குறைந்தால் உடம்பு சொல்லாதா?

சொல்லும். ஆனால் இந்த மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கு உடம்பு சொல்வது காதில் விழாது.

தண்ணீர் குறைந்தால் சிறுநீர் மஞ்சளாக, அடர்த்தியாகப் போகும் என்று எல்லோருக்கும் தெரியும். நீர் மாத்திரை சாப்பிட்டவருக்கு உடம்பு வறண்டிருக்கும்போதும் சிறுநீர் வெளுப்பாகத் தாராளமாகப் போகும்; மாத்திரை வற்புறுத்தி வெளியேற்றுகிறது. "யூரின் நல்லா கிளியராத்தான் போச்சு டாக்டர்" என்று அவர் சொன்னது உண்மை. அதனால்தான் ஏமாந்தார்.

தண்ணீர் குறைந்தால் இதயம் படபடவென்று அடிக்கும். மெட்டோபுரோலால் சாப்பிடுபவருக்கு அந்தப் படபடப்பு வராது. அவருடைய நாடி 62. பார்த்தால் எவ்வளவு அமைதி என்று தோன்றும்.

மூன்றாவது, தாகம். அறுபதைத் தாண்டியவர்களுக்குத் தாக உணர்வே மங்கிப்போகும். நோன்பில் தாகத்தைப் பொறுத்துக்கொள்வதுதான் வழிபாடு என்னும்போது, வந்த கொஞ்ச தாகத்தையும் யார் புகாராகச் சொல்லப்போகிறார்கள்?

ஆக நிறம், படபடப்பு, தாகம் என்று சாதாரண மனிதர்களை எச்சரிக்கும் மூன்றும் இவர்களுக்கு உதவாது. உணர்வை விட்டுவிட்டு அளக்க வேண்டும். அளப்பதற்கு வீட்டில் இரண்டு சாமான் போதும்: எடை பார்க்கும் மெஷின், பிரஷர் பார்க்கும் மெஷின்.

எடையில் ஒரு கிலோ என்பது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர். நான்கைந்து நாளில் ஏறும், இறங்கும் எடை சதையோ கொழுப்போ அல்ல, பெரும்பாலும் தண்ணீர்தான். நோன்புக்கு முன் அவர் எடை 71.5 கிலோ. அன்று 68.4. மூன்று கிலோ போயிருக்கிறது. தினமும் காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, ஒரே மாதிரி லேசான உடையில் ஏறி நின்று காலண்டரில் எழுதியிருந்தால் மூன்றாம் நாளே பிடிபட்டிருக்கும்.

பிரஷரை உட்கார்ந்து பார்த்தால் மட்டும் போதாது. ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்று நிமிடத்தில் ஒரு முறை. மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, நிற்கும்போது மூளைக்கு ரத்தம் போதவில்லை என்று பொருள். அவருக்குப் படுத்தபோது 112/70. நின்று ஒரு நிமிடத்தில் 96/60. மூன்று நிமிடத்தில் 88/56. உட்கார வைத்து ஒரு தடவை மட்டும் பார்த்திருந்தால் 'பிரஷர் அருமையாக இருக்கிறது' என்று சொல்லி அனுப்பியிருப்பேன்.

தராவீஹில் விழுந்ததும் தற்செயல் அல்ல. பகலெல்லாம் வறண்ட உடம்பு. இஃப்தாரில் சாப்பிட்டதும் ரத்தம் வயிற்றுப் பக்கம் திரும்புகிறது. அந்த நேரத்தில் நெடுநேரம் நிற்பதும் குனிந்து நிமிர்வதும். வறட்சி தன்னைக் காட்டிக்கொள்ள அதைவிடத் தோதான இடம் இல்லை.

எதை நிறுத்தினோம், எதை விடவில்லை

அன்று ஃபுரோசமைடு, டெல்மிசார்டன், ஸ்பைரனோலாக்டோன், டாபாகிளிஃப்ளோசின் நான்கையும் நிறுத்திவைத்தோம். டைக்லோஃபினாக்கை ஒரேயடியாக விலக்கினோம். மூட்டு வலிக்குப் பாராசிட்டமால். நோன்பை விட்டார். அரை லிட்டர் சலைன் மெதுவாக, நாலைந்து மணி நேரத்துக்கு ஏற்றினோம். பலவீனமான இதயம் ஆதலால் நடுநடுவே நுரையீரலில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டுக்கொண்டே இருந்தோம். வறண்ட உடம்பில் அவசரப்பட்டு ஊற்றினால் அது நுரையீரலில் போய் நிற்கும்.

மெட்டோபுரோலாலையும் ஆஸ்பிரினையும் கொழுப்பு மாத்திரையையும் ஒரு நாள்கூட விடவில்லை.

அவர் மனைவிக்கு இது விளங்கவில்லை. "பிரஷர் இவ்வளவு இறங்கியிருக்கு, அந்த மாத்திரையும் பிரஷருக்குத்தானே?" என்றார். நியாயமான கேள்வி. ஆனால் மெட்டோபுரோலால், பிசோபுரோலால், அடினோலால், கார்வெடிலால் என்று 'லால்' என்று முடிகிற வகை மாத்திரைகளைத் திடீரென்று நிறுத்தினால் அதுவரை அடக்கி வைத்திருந்த துடிப்பும் அழுத்தமும் எகிறும். இதயக் குழாயில் அடைப்பு உள்ளவருக்கு நெஞ்சு வலியோ மாரடைப்போகூட வரலாம். நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் ஒன்றிரண்டு வாரத்தில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். குளோனிடின் என்ற பிரஷர் மாத்திரையும் அப்படித்தான். விட்டால் பிரஷர் முன்பைவிட மேலே போகும். ஸ்டென்ட் உள்ளவர் ஆஸ்பிரினையோ குளோபிடோகிரெலையோ விட்டால் ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறையலாம்.

நோன்பிலும் வெயிலிலும் நடக்கும் தவறு இரண்டு பக்கமும் உண்டு. சிலர் எதையும் மாற்றாமல் சாப்பிடுகிறார்கள். சிலர் மயக்கம் வந்ததும் பயந்துபோய்ப் பெட்டியையே மூடிவிடுகிறார்கள். பிரித்துப் பார்க்க வேண்டும். உடம்பு வறண்டிருக்கும்போது தற்காலிகமாக நிறுத்த வேண்டியவை: நீர் மாத்திரைகள், 'சார்டன்' என்றும் 'பிரில்' என்றும் முடிபவை, ஸ்பைரனோலாக்டோன், 'கிளிஃப்ளோசின்' என்று முடிபவை, சர்க்கரைக்கான மெட்ஃபார்மின், இவற்றோடு எல்லா வலி மாத்திரைகளும். தானாக நிறுத்தக்கூடாதவை: 'லால்' வகை, குளோனிடின், ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், ரத்தம் உறையாமல் தடுப்பவை, கொழுப்பு மாத்திரை. அம்லோடிபின் நடுவில் நிற்கிறது. அது உடம்பிலிருந்து இறங்கவே பல நாள் ஆகும் என்பதால் ஒரு நாள் விட்டு ஒன்றும் ஆகப்போவதில்லை. பிரஷரைப் பார்த்து டாக்டர்தான் குறைக்க வேண்டும்.

இதில் ஒளிந்திருக்கும் ஒரு பொறி இருக்கிறது. 'நான் நீர் மாத்திரையே சாப்பிடுவதில்லை' என்று சொல்பவர்கள் பலரின் பிரஷர் மாத்திரைக்குள்ளேயே அது இருக்கும். மாத்திரைப் பெயரின் வாலில் 'எச்' என்று இருந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதையசைடு; 'சி.டி.' என்று இருந்தால் குளோர்தாலிடோன். இரண்டும் நீர் மாத்திரைகள். குளோர்தாலிடோன் ஃபுரோசமைடு மாதிரி ஆறு மணி நேரத்தில் அடங்காது. இரண்டு மூன்று நாள் வேலை செய்யும். நேரத்தை மாற்றி வைத்துப் பயனில்லை. வறட்சி வந்த பிறகு நிறுத்தினாலும் அதன் வேலை உடனே நிற்காது. அட்டையைத் திருப்பி உள்ளே என்னென்ன மருந்து என்று ஒரு முறை படித்துவைப்பது நல்லது.

திரும்பத் தொடங்குவது

நிறுத்தியதைத் திரும்பத் தொடங்குவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள்.

நம் நோயாளிக்கு மூன்றாம் நாள் எடை 70.6, கிரியேட்டினின் 1.5, பொட்டாசியம் 4.9. நின்றாலும் பிரஷர் 108. எடை 71-ஐத் தொட்டதும் ஃபுரோசமைடு பாதி, அதாவது 20 மில்லிகிராம். ஐந்தாம் நாள் டெல்மிசார்டன் பாதி. நன்றாகச் சாப்பிடத் தொடங்கியதும் டாபாகிளிஃப்ளோசின். ஏழாம் நாள் கிரியேட்டினின் பழைய 1.2-க்கு வந்தது, அதன் பிறகு ஸ்பைரனோலாக்டோன். அடுத்த வாரம் மறுபடி ரத்தம் பார்த்து, பழைய அளவுகளுக்கு வந்தோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் திருப்பிக் கொடுத்திருந்தால், பொட்டாசியம் மறுபடி ஏறியிருந்தால், எதனால் ஏறியது என்றே தெரிந்திருக்காது.

வயிற்றுப்போக்கு, வாந்தி, காய்ச்சல் மாதிரி இரண்டு நாள் தொல்லையாக இருந்தால் இவ்வளவு நீட்ட வேண்டியதில்லை. வழக்கம்போல் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி 24 முதல் 48 மணி நேரத்துக்குள் மாத்திரைகளைத் திரும்பத் தொடங்கிவிடுவார்கள். 'அன்னைக்கு நிறுத்தச் சொன்னாங்க' என்று மூன்று மாதம் கழித்தும் சாப்பிடாமலே இருப்பவர்கள் உண்டு. கால் வீங்கி, மூச்சு வாங்க, ஆம்புலன்ஸில் வருவார்கள். அவர்களுக்கு நேர்ந்தது வறட்சியால் அல்ல, மறதியால்.

ஒரு விஷயத்தையும் மறைக்கக்கூடாது. இந்த 'நோய்வாய்ப்பட்ட நாள் விதிகள்' பல நாடுகளில் மருத்துவர்கள் சொல்பவைதான். ஆனால் பெரிய ஆய்வுகளில் நிறுத்தியவர்களையும் நிறுத்தாதவர்களையும் ஒப்பிட்டு நிரூபிக்கப்பட்டவை அல்ல. மருந்து வேலை செய்யும் விதத்தையும் அனுபவத்தையும் வைத்து வகுத்தவை. அதனால்தான் இதய பலவீனம் உள்ளவர்களிடம் 'நீங்களே நிறுத்துங்கள்' என்று சொல்லாமல் 'அன்றே போன் செய்யுங்கள்' என்கிறோம்.

எதிர்த் திசை

எல்லோரும் வறண்டுதான் போவார்கள் என்றும் இல்லை. கத்தாரில் 1991 முதல் 2001 வரை இதயச் செயலிழப்போடு மருத்துவமனைக்கு வந்த 2,160 பேரைக் கணக்கெடுத்தபோது, ரமலான் மாதத்தில் சேர்ந்தவர்களின் எண்ணிக்கைக்கும் அதற்கு முன் மாதம், பின் மாதத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நோன்பே விஷம் என்று பயமுறுத்த இடமில்லை.

ஆனால் நீர் மாத்திரையைத் தானாக விட்டுவிட்டு, இஃப்தாரில் உப்பு தூக்கலான கஞ்சி, வடை, சமோசா, ஊறுகாய் என்று சாப்பிடுபவருக்குத் தண்ணீர் தேங்கும். அவரையும் எடை மெஷின் காட்டிக்கொடுத்துவிடும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, தலையணையைக் கூட்டி வைத்தால்தான் தூங்க முடிகிறது என்றாலோ, அவருக்கு மாத்திரையைக் குறைப்பது அல்ல, கூட்டுவதுதான் வைத்தியம். மெலிவதற்கும் வீங்குவதற்கும் ஒரே அறிவுரை கிடையாது. யாருக்கு எது நடக்கிறது என்று அளக்காமல் தெரியாது.

கால் வீக்கத்திலும் ஒரு ஏமாற்று உண்டு. அம்லோடிபின் சாப்பிடுபவர்களுக்கு, வெயில் காலத்தில் குறிப்பாக, கணுக்கால் வீங்கும். அது உடம்பில் தண்ணீர் கூடியதால் வந்தது அல்ல. கால் குழாய்கள் விரிந்து கசிவதால் வந்தது. அதற்கு நீர் மாத்திரை போட்டால் வீக்கம் வற்றாது, உடம்புதான் வற்றும்.

அடுத்த ரமலானுக்கு

அடுத்த வருடம் அவர் ஷஃபான் மாதத்திலேயே வந்தார். அது சரியான நேரம். ஒன்றரை மாதம் முன்னால் என்றால் இன்னும் நல்லது. மாத்திரையை மாற்றி, இரண்டு மூன்று நாள் நோன்பு வைத்துப் பார்த்து, ரத்தம் பார்க்க அவகாசம் கிடைக்கும்.

அண்மையில் மாரடைப்பு வந்தவர்கள், உட்கார்ந்திருந்தாலே மூச்சு வாங்குபவர்கள், பம்பிங் மிகக் குறைந்தவர்கள், சிறுநீரகமும் கெட்டிருப்பவர்கள், சமீபத்தில் மருந்து மாற்றியவர்கள் ஆகியோரை வைக்க வேண்டாம் என்றுதான் சொல்வோம். குர்ஆனின் இரண்டாம் அத்தியாயம் 184, 185-ஆம் வசனங்களிலேயே நோயாளிக்குச் சலுகை இருக்கிறது. பின்னொரு நாளில் களா செய்யலாம், முடியாதவர்கள் ஃபித்யா கொடுக்கலாம். இதை நாங்கள் சொல்வதைவிடப் பள்ளிவாசல் இமாம் சொன்னால் மனம் ஏற்றுக்கொள்கிறது. நானே சிலரை அவரிடம் அனுப்பியிருக்கிறேன்.

இவருடைய நிலை சீராக இருந்தது. வைத்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம். ஃபுரோசமைடு இஃப்தாருக்குப் பிறகு, பாதி அளவு. அப்போதுதான் சிறுநீராகப் போவதை அந்த இரவிலேயே குடித்து ஈடுகட்ட முடியும். தூக்கம் கெடாமல் இருக்க மஃரிப் தொழுததும் போட்டுவிடச் சொன்னேன். தராவீஹுக்கு நடுவே ஒரு முறை எழுந்து போக வேண்டியிருக்கும், பரவாயில்லை. டெல்மிசார்டனும் மெட்டோபுரோலாலும் இஃப்தாருக்குப் பிறகு ஒரு வேளையாக. நாளுக்கு இருமுறை சாப்பிட வேண்டிய கார்வெடிலால் போன்றவை இருந்தால் இஃப்தாரிலும் சஹரிலும் போட்டுக்கொள்ளலாம். மூன்று வேளை மாத்திரைகளை ஒரு வேளை வகைக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். டாபாகிளிஃப்ளோசினை அந்த மாதம் நிறுத்தினோம். பட்டினியில் அந்த மாத்திரை ரத்தத்தைப் புளிக்கச் செய்யும் அபாயம் உண்டு. அப்போது சர்க்கரை அளவு சாதாரணமாகவே காட்டும். குமட்டலும் பெருமூச்சும்தான் அடையாளம்.

தண்ணீர் வரம்பையும் கொஞ்சம் தளர்த்தினோம். இஃப்தாரிலிருந்து சஹர் வரை மணிக்கு ஒரு டம்ளர் வீதம், ஒரே மூச்சில் அல்ல. நாலாவது நாளும் பத்தாவது நாளும் கிரியேட்டினின், பொட்டாசியம், சோடியம். காலண்டரில் தினம் எடை. 70-க்குக் கீழே போனாலோ, நின்றால் பிரஷர் 100-க்குக் கீழே போனாலோ அன்றே போன். நெஞ்சு வலி, மயக்கம், பேச்சில் குழறல் வந்தால் மணி பார்க்காமல் நோன்பை முறித்துக்கொள்ள வேண்டும்.

நோன்பு வைக்காதவர்களின் கத்திரி

மே 4-ஐ ஒட்டித் தொடங்கி ஏறத்தாழ 25 நாள் நீடிக்கும் அக்னி நட்சத்திரத்தில் யாரும் சொல்லாமலே எல்லோரும் அரை நோன்பில்தான் இருக்கிறோம். வெயிலில் தோலின் ரத்தக் குழாய்கள் விரிகின்றன. பிரஷர் தானாகவே கொஞ்சம் இறங்குகிறது. மார்கழியில் சரியாக இருந்த மாத்திரை சித்திரையில் கூடுதலாகிவிடும். கத்திரிக்கு முன் ஒரு முறை நின்று பிரஷர் பார்ப்பது அதற்குத்தான். பங்குனி உத்திரத்துக்குப் பழனிக்கு நடப்பவர்கள், தண்ணீர்கூட இல்லாமல் ஏகாதசி இருப்பவர்கள், இந்தப் பருவத்தில் வயிற்றுப்போக்கு வந்தவர்கள் எல்லோருக்கும் மேலே சொன்ன சல்லடைக் கணக்குதான். நடக்கிறவர் விடிகாலையில் யூரின் மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பினால், சஹரில் போட்ட நம் நோயாளிதான் அவரும்.

என்ன குடிப்பது என்பதிலும் கவனம் வேண்டும். இளநீர் நல்லதுதான், ஆனால் ஒரு டம்ளர் இளநீரில் ஏறத்தாழ 600 மில்லிகிராம் பொட்டாசியம். ஸ்பைரனோலாக்டோன், டெல்மிசார்டன் இரண்டும் சாப்பிடுபவர், சிறுநீரகம் மந்தமானவர் நாளுக்கு மூன்று இளநீர் குடித்தால் பொட்டாசியம் ஏறிவிடும். ஒரு லிட்டர் ஓ.ஆர்.எஸ். கரைசலிலேயே சுமார் 780 மில்லிகிராம்தான். வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். மருந்து, தினசரிப் பானம் அல்ல. இதய பலவீனம் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுச் சிறிது சிறிதாகக் குடிக்கலாம். இதற்கு மாறாக, 'எச்' மாத்திரை சாப்பிடும் வயதான பெண்கள் 'நிறைய தண்ணீர் குடி' என்றதைக் கேட்டு வெறும் தண்ணீரையே நாலைந்து லிட்டர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் சரியும். சோர்வு, குமட்டல், பிறகு பேரப்பிள்ளையின் பெயரே மறந்துபோகும் அளவு குழப்பம். வீட்டில் அதை 'வெயில் மயக்கம்' என்று நினைத்து இன்னும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பார்கள். உப்புப் போட்ட நீர்மோர் இரண்டு டம்ளர் அதைவிடப் பயன்படும்.

நம் நோயாளி அந்த வருடம் 26 நோன்பு வைத்தார். மீதி நாலு நாள் எடை இறங்கியதால் நானே வேண்டாம் என்றேன். பிறகு களா செய்துவிட்டதாகச் சொன்னார். பெருநாள் முடிந்து வந்தபோது காலண்டரைக் கொண்டுவந்து காட்டினார். தொழுகை நேரங்கள் அச்சிட்ட தாளில் ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் பேனாவால் ஓர் எண்: 71.2, 71.0, 70.8.

என் பக்கத்திலும் ஒரு மாற்றம். நோன்பு வைப்பவர்களுக்கு நான் இப்போது 1-0-0 என்று எழுதுவதில்லை. 'இஃப்தாருக்குப் பிறகு ஒன்று' என்று தமிழில் முழுதாக எழுதுகிறேன்.